ஆபத்தும் ஆபமும்

ஆயிரக்கணக்கான கட்டுரைகளுக்குள் ஒரு சொல்லைத் தேடித் தரும் கணினி, ஒவ்வொரு தடவையும் எல்லாப் பக்கங்களையும் புரட்டிப் பார்ப்பதில்லை. இன்ன சொல் இன்ன கட்டுரைகளில் வருகிறது என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஓர் அடைவைப் பார்த்துத்தான் விடை சொல்கிறது. தமிழிலோ மரம் என்னும் ஒரே பெயர் மரத்தை, மரத்தில், மரங்களுக்கு என்று பல ரூபங்களில் வருகிறபடியால், அடைவு எழுதும்போதே உருபுகளைக் களைந்து எல்லாவற்றையும் ஒரே பகுதியின்கீழ்ச் சேர்த்துவிடுகிறார்கள். தேடுகிறவர் தருகிற சொல்லுக்கும் அதே களைதல் நடக்கிறது. ஆகையால், எஞ்சி நிற்பது அகராதியில் உள்ள சொல்லாகவே இருக்க வேண்டுமென்ற அவசியங்கூட இல்லை. ஒரு குடும்பத்துச் சொற்கள் யாவும் ஒரே இடத்தில் வந்து சேர வேண்டும், வேறு குடும்பத்தார் அங்கே நுழையக்கூடாது, அவ்வளவே.

‘மரங்களையும்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். களைதல் எப்போதும் கடைசியிலிருந்து தொடங்கும். முதலில், உடம்படுமெய்யோடு சேர்ந்து ‘யும்’ போகிறது, ‘மரங்களை’ நிற்கிறது. அடுத்து ஐகாரத்தை நீக்க வேண்டும். கணினிக்கு ‘ளை’ என்பது ளகரமும் அதன்மேல் ஒரு குறியுமாகையால், குறியை நீக்கினால் எஞ்சுவது புள்ளியில்லாத ‘ள’. புள்ளியை நாம்தான் விதி எழுதி வைக்க வேண்டும். பிறகு ‘கள்’ போய், ‘மரங்’ என்று நிற்பதன் ஙகரம் மகரமாகத் திரும்பி, மரம் கிடைக்கிறது. இதுவரை நல்ல விளைவுதான்.

‘மரத்தை’ என்பதற்கு வேறு விதி தேவை: ‘த்தை’யை நீக்கி மகர ஒற்றைச் சேர்க்க வேண்டும். இதையே ‘சிறுத்தை’க்குச் செய்தால் ‘சிறும்’ என்று வரும். எனவே, எஞ்சும் பகுதி அகரத்தில் முடிந்தால் மட்டும் இவ்விதி செல்லும் என்று நிபந்தனை போடுகிறோம். சிறுத்தை தப்பிவிடுகிறது. ஆனால் ‘ஆபத்தை’ தப்புவதில்லை. எஞ்சும் ‘ஆப’ அகரத்தில்தான் முடிகிறது. விதி அதை ‘ஆபம்’ ஆக்குகிறது. ‘ஆபத்து’ என்ற எழுவாயும் ‘ஆபத்துகள்’ என்ற பன்மையும் ஆபத்து என்ற பெயரின்கீழ் இருக்க, ‘ஆபத்தை’யும், அதே வகை விதியால் ‘ஆபத்தில்’ என்பதும் ஆபம் என்ற பெயரின்கீழ்ப் போய்விடுகின்றன. ஆபத்து என்று தேடுகிறவருக்கு, ‘வரும் ஆபத்தை உணர்ந்து’ என்று எழுதிய கட்டுரை அகப்படாது. அப்படி ஒன்று உண்டென்றே அவர் அறியமாட்டார். இத்தகைய பிழையின் கொடுமை இதில்தான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்: தவறாக வந்ததைக் கண்ணால் காணலாம், வராமற்போனதை எப்படிக் காண்பது?

ஐகார உருபு இன்னும் பெரிய சங்கடம். ‘விலை’ என்பதன் கடைசி ஐகாரம் உருபன்று. கணினி அதை அறியாமல் களைந்து ‘வில்’ என்கிறது. ‘விலையை’ என்பதிலோ ‘யை’ போனவுடன் ‘விலை’ நிற்கிறது. ஐகாரத்தைக் களைவது ஒரே தடவைதான் என்று வைத்தால், விலையும் விலையையும் வெவ்வேறு இடத்தில் பிரிந்து நிற்கும். களைய இடமுள்ள மட்டும் திரும்பத் திரும்பக் களையலாமென்றால், இரண்டும் ஒன்றுசேரும், ஆனால் அம்பு எய்யும் வில்லின் வீட்டில்போய்ச் சேரும். மதுரை, தஞ்சை, கோவை என்ற ஊர்ப்பெயர்களும் இதற்கு விலக்கல்ல.

நன்னூலார் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று பதத்தின் உறுப்புகளை ஆறாகக் கூறினார். ஆனால் அவற்றைப் பிரிக்கின்ற மாணாக்கன் அந்தச் சொல்லின் பொருளை முன்பே அறிந்தவன். கணினிக்கு அந்த அறிவு இல்லாதபடியால், அதற்குப் பெயர்ச்சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, பட்டியலில் உள்ள சொல்லைத் தொடாதே, களைந்து கிடைப்பது பட்டியலில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று கட்டளையிடுவது நல்லது. விலை காப்பாற்றப்படும், ஐகாரம் போய் ‘ஆபத்த்’ என்று நிற்பதற்கு உகரம் சேர்க்கும் விதியும் இருந்தால் ஆபத்தும் பிழைத்துக்கொள்ளும். ஆயினும் ‘கடலை’ என்பதற்கு இதுவும் பரிகாரமன்று. கடலைக் கடந்தான் என்பதில் அது கடல். கடலை விதைத்தான் என்பதில் அது பயிர். பட்டியலில் இரண்டுமே உண்டு. இப்படிப்பட்ட சொல்லை இரு பகுதிகளின் கீழும் பதிந்துவிட்டு, எழுதியவர் எழுதிய மூல ரூபத்தையும் கூடவே வைத்துக்கொண்டு, தேடுபவர் தந்த ரூபம் அப்படியே இருக்கும் கட்டுரைகளை முதலில் காட்டுவதே நியாயம்.

விதிகளை எழுதியவர் அவற்றைப் பரீட்சிக்கவும் வழி உண்டு. ஒவ்வொரு பகுதிக்கும் நேரே அதில் வந்து சேர்ந்த சொற்களை எல்லாம் அச்சிட்டுப் படித்தால், வில்லின்கீழ் விலை நிற்பது உடனே தெரியும். பிரிந்துபோனவற்றைக் காண இது போதாது. அதற்கு ஆபத்து, சம்பத்து, சொத்து போன்ற பெயர்களை எடுத்து, எட்டு வேற்றுமையிலும் கையால் எழுதிக் கொடுத்து, எத்தனை பகுதிகளாகத் திரும்புகின்றன என்று எண்ண வேண்டும். ஒன்றுக்கு மேல் வந்தால், எந்த விதி அதைப் பிரித்ததென்று பின்னோக்கித் தேடிப் பிடித்துவிடலாம்.