முதல் பயணத்திற்கு ஒரு கணக்கு

திருச்சி நகரத்துப் பங்கு ஒன்றிலிருந்து இளைஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றுகிறார். மே மாதம் இரண்டாம் வாரத்தில் அவருக்குத் திருமணம். பெண்ணை நேரில் கண்டது இருமுறைதான். நிச்சயதார்த்தத்திற்குப் பின் தொலைபேசியில் பேசிக்கொள்கின்றனர். தேன்நிலவுக்கென 15,000 ரூபாய் ஒதுக்கியுள்ளார். நண்பர்களோ ஐந்து நாட்களில் ஏழு ஊர்களைச் சுற்றிக்காட்டும் பயண ஏற்பாட்டைப் பரிந்துரைக்கின்றனர். அதற்கு 30,000 ரூபாய் ஆகும். கடன் வாங்கிச் செல்லலாமா, அன்றிச் செல்லாமலே இருந்துவிடலாமா என்பது அவர் கேள்வி.

இரண்டும் வேண்டாம் என்பதே நம் பதில். அச்சகோதரருக்கென எழுதப்படும் இக்கணக்கு, மணநாள் குறித்துவிட்ட ஏனைய இல்லங்களுக்கும் பயன்படக்கூடும்.

ஐந்து நாட்களில் ஏழு ஊர் என்றால் என்ன பொருள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு நாளும் ஐந்து, ஆறு மணிநேரம் வாகனத்திற்குள் கழியும். விடியற்காலையில் பெட்டியைக் கட்டி, இரவில் மற்றோர் ஊரில் அவிழ்க்க வேண்டும். முன்னிருக்கையில் ஓட்டுநர் அமர்ந்திருக்க, அறிமுகம் முற்றாத இருவர் பின்னிருக்கையில் என்ன பேசிவிட முடியும்? பத்தாண்டுகள் இணைந்து வாழ்ந்தோர்க்கு அப்பயணம் பொருந்தலாம். இவர்களுக்கு வேண்டியது ஓர் ஊர், ஓர் அறை, மூன்று இரவுகள்.

எந்த ஊர்? திருச்சியிலிருந்து செல்வோர்க்குக் கொடைக்கானல் எட்டும் தொலைவில் உள்ளது. ஆனால் ஊரைக் குறிக்கும் முன் ஒரு செய்தி. அச்சகோதரரின் கடிதம் இரண்டு பக்கம். அதில் நண்பர்களின் கருத்து இருக்கிறது, அண்ணனின் கருத்து இருக்கிறது. மணப்பெண்ணின் விருப்பம் ஒரு வரியிலும் இல்லை. அறையை முன்பதிவு செய்யுமுன் அவரைக் கேளுங்கள். ‘எங்கே போகலாம்?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘உங்கள் விருப்பம்’ என்றே மறுமொழி வரும். நம் பெண்கள் அவ்வாறு சொல்லவே பழக்கப்பட்டுள்ளனர். ஆகவே விடை சொல்லக்கூடிய கேள்வியாகக் கேளுங்கள்: மலையா, கடலா? வளைந்து செல்லும் மலைப்பாதையில் குமட்டல் வருமா? குளிர் ஒத்துக்கொள்ளுமா? மாதவிலக்கு நாட்களைக் கணக்கிட்டு எந்த வாரம் உகந்தது? கடைசிக் கேள்வியை நேரில் கேட்கக் கூச்சமாயின், ‘நாளை நீங்களே குறித்துச் சொல்லுங்கள்’ என்றால் போதும், அவர் புரிந்துகொள்வார். தம் சொல்லுக்கு இவ்வீட்டில் மதிப்புண்டு என்பதையும் அன்றே அறிந்துகொள்வார்.

மலைப்பாதை ஒத்துக்கொள்ளாது என்றால் தரங்கம்பாடிக்குச் செல்லுங்கள். 1620-இல் டேனியர் எழுப்பிய கோட்டையும், கடலை ஒட்டிய அமைதியான பழைய தெருக்களும் அங்கே உண்டு. தங்குமிடங்கள் சிலவே என்பதால் முன்னரே கேட்டு வைக்க வேண்டும். பலர் வேளாங்கண்ணி நேர்த்திக்கடனையும் தேன்நிலவையும் ஒன்றாக்கிவிடுகின்றனர். அன்னையின் திருத்தலத்தை மணமக்கள் நாடுவது நன்றே. ஆனால் நேர்த்திக்கடன் என்றதும் தாயார் வருவார், அத்தை வருவார், மொட்டையடிக்க வேண்டிய குழந்தையோடு அக்காள் வருவார், வேன் நிறைந்துவிடும். அதை வேறொரு நாளில் குடும்பமாகச் செய்துகொள்ளுங்கள்.

மணப்பெண் மலையைத் தேர்ந்ததாகவே கொள்வோம். அடுத்தது நாள். தவக்காலத்தில் நம் இல்லங்களில் திருமணம் வைப்பதில்லை. ஆகவே பாஸ்காவிற்குப் பின் மே மாதத்தில் மணநாட்கள் குவிகின்றன. அதே மே மாதந்தான் கொடைக்கானலில் கூட்டம் மிகுந்த காலம். பள்ளி விடுமுறை, கோடை விழா, மலர்க் கண்காட்சி எனத் தமிழகமே மலையேறும் நேரத்தில் அறை வாடகை இருமடங்காவதும், ஏரிச் சாலையில் வாகனங்கள் நகராமல் நிற்பதும் வழக்கம். திருமணம் முடிந்த வாரமே செல்ல வேண்டும் என்று யார் சொன்னது? அந்த வாரங்களில் மறுவீடும் உறவினர் வீட்டு விருந்துகளும் உங்களை விடப்போவதில்லை. பத்து நாள் விடுப்பு கிடைத்திருப்பதாக எழுதியுள்ளீர். அதில் நான்கு நாட்களை ஜூன் மாதக் கடைசி வாரத்திற்கெனப் பிரித்துக் கேளுங்கள். அப்போது பள்ளிகள் திறந்திருக்கும்; கூட்டம் வடிந்திருக்கும். தூறலும் மூடுபனியும் இருக்கக்கூடும். ஒரு குடையும் இரு கம்பளிச் சட்டைகளும் போதும். இன்னொரு நன்மை: ஒரு மாதம் ஒரே வீட்டில் வாழ்ந்தபின் செல்வதால், பயண நாட்களில் முற்றிலும் அந்நியராய் இருக்கமாட்டீர்கள். திங்கட்கிழமை காலை புறப்பட்டு வியாழனன்று திரும்புங்கள். வார இறுதியில் அறை வாடகை கூடும்.

இனிக் கணக்கு. திருச்சியிலிருந்து திண்டுக்கல்லுக்கு ரயில்; அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக அரசுப் பேருந்து. இருவருக்கும் போகவர 1,000 ரூபாய் ஒதுக்குங்கள். சொந்த வாகனத்திலோ வாடகை வாகனத்திலோ மலையேறுவோர், உயர்நீதிமன்ற ஆணைப்படி 2024 மே மாதத்தில் தொடங்கிய முறையின்கீழ், இணையவழி அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அரசுப் பேருந்தில் செல்வோர்க்கு அத்தொல்லை இல்லை. பேருந்தில் முன்பக்க இருக்கையில் அமருங்கள். புறப்படுமுன் இட்லி போன்ற எளிய உணவு போதும்.

மூன்று இரவுக்கு, இரவுக்கு 2,000 வீதம், அறை வாடகை 6,000 ரூபாய் எனக் கொள்ளுங்கள். கூட்டமற்ற வாரநாளில் தூய்மையான எளிய அறை இத்தொகைக்குள் கிடைக்கும். படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தொலைபேசியில் விடுதியாரிடமே கேளுங்கள். வெந்நீர் நாள் முழுதும் வருமா, காலையில் இரண்டு மணிநேரம் மட்டுமா? கூடுதல் கம்பளிக்குத் தனிக் கட்டணம் உண்டா? சன்னல் எதை நோக்கியுள்ளது? வரமுடியாது போனால் முன்பணம் திரும்புமா? இக்கேள்விகளுக்கு எரிச்சலோடு விடை சொல்லும் விடுதியை விட்டுவிடுங்கள். இருவரும் அடையாள அட்டை எடுத்துச் செல்ல வேண்டும். மணப்பெண்ணின் அட்டையில் தந்தையின் பெயரும் பிறந்த வீட்டு முகவரியுமே இருக்குமாதலால், சில இடங்களில் துருவிக் கேட்பார்கள். பங்கில் பெற்ற திருமணச் சான்றிதழின் நகல் ஒன்று பெட்டியில் இருந்தால், புதுமணப்பெண் வரவேற்பு மேசையின் முன் தலைகுனிந்து நிற்க நேராது.

உணவுக்கு 3,000, உள்ளூரில் சுற்றவும் படகுக்கும் பூங்கா நுழைவுக்குமாக 1,500. இதுவரை 11,500 ஆயிற்று. எஞ்சிய 3,500-இல் 2,000 ரூபாயைத் தனி உறையிலிட்டு, காய்ச்சல், பேருந்து தவறுதல் போன்றவற்றிற்கென வைத்திருங்கள். 1,500 ரூபாயை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கணக்குக் கேட்கக்கூடாது.

மற்றத் தொகைக்கு ஒரு சிறு கணக்கு நோட்டு வேண்டும். அதை மனைவியே எழுதட்டும். பணம் கணவரிடம் இருக்கட்டும். அல்லது மாற்றிக் கொள்ளுங்கள். ஒருவர் செலவழித்து ஒருவர் எழுதும்போது இரவுதோறும் பத்து நிமிடம் இருவரும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். தேநீருக்கு 40 ரூபாயா என்று அவர் வியப்பார். தந்தை வீட்டில் சிக்கனம் எப்படியிருந்தது என்பது அப்பேச்சில் வெளிப்படும். திருமணக் கடன் எவ்வளவு, பெற்றோர்க்கு மாதந்தோறும் எவ்வளவு அனுப்புகிறீர், தங்கையின் படிப்பை யார் பார்க்கிறார் என்பவற்றை மனைவி பிறர் வாயிலாகக் கேட்டு அறிந்தால் மனம் புண்படும். இரண்டாம் நாள் இரவு அந்த நோட்டைப் புரட்டியபடியே நீரே சொல்லிவிடும். அவருக்கும் சொல்ல வேண்டியவை இருக்கலாம். தம் ஊதியத்தில் ஒரு பகுதியைத் தாயாருக்குத் தர அவர் விரும்பலாம். அன்றே கேட்டுக்கொள்ளும்.

நாட்களை எப்படிக் கழிப்பது? முதல் நாள் பிற்பகலில் ஊர் சேர்வீர்கள். அன்று எதையும் பார்க்க வேண்டாம், களைப்பாறுங்கள். மறுநாள் காலையில் ஏரியைச் சுற்றி நடந்து வாருங்கள். 1863-இல் உருவாக்கப்பட்ட அந்த ஏரியின் சுற்றுப்பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். மெதுவாக நடந்தால் ஒன்றரை மணிநேரத்திற்கு மேல் ஆகும். எதிரெதிரே அமர்ந்து ‘பேசுங்கள்’ என்றால் வாய் திறவாதவர்கூட, அருகருகே நடக்கையில் தாமாகவே பேசத் தொடங்குவார். கோக்கர்ஸ் நடைபாதைக்கு அதிகாலையிலேயே செல்வது நலம். நேரம் ஏற ஏற மூடுபனி பள்ளத்தாக்கை மறைத்துவிடும். மூன்றாம் நாள் சலேத் மாதா ஆலயத்தில் சற்று நேரம் செபித்துவிட்டு, பூம்பாறைக்குப் பேருந்தில் சென்று வாருங்கள். மலைப்பூண்டு விளையும் படிக்கட்டு வயல்களைப் பார்க்கவே அரை நாள் செல்லும். ஒரே நாளில் பன்னிரண்டு இடங்கள் காட்டுகிறேன் என்று விடுதி வாயிலில் நிற்கும் வாகனத்தாரிடம் பணிவாக மறுத்துவிடுங்கள்.

கைபேசியைப் பற்றி ஒரு சொல். இரு வீட்டாரோடும் மாலையில் ஒருமுறை பேசினால் போதும். மனைவியின் படத்தை அவர் சம்மதமின்றி நண்பர்களுக்கு அனுப்பாதீர்.

இரவுகளைப் பற்றியும் மறைக்காமல் எழுதிவிடுகிறோம். தேன்நிலவு என்றால் எல்லாம் அந்த மூன்று இரவுகளிலேயே நிகழ்ந்தாக வேண்டும் என்ற எண்ணம் நண்பர்களின் கேலிப்பேச்சால் ஊட்டப்படுவது. அச்சமும் கூச்சமும் களைப்பும் இருவருக்கும் இயல்பு. மனைவி தயங்கினால் அது வெறுப்பன்று. கணவர் தடுமாறினால் அது குறையுமன்று. ‘இன்று வேண்டாம்’ என்று ஒருவர் சொல்ல, மற்றவர் முகம் கோணாமல் ஏற்றுக்கொள்ள வேண்டும். தோபித்து நூலில் தோபியாவும் சாராவும் தம் முதல் இரவில் எழுந்து நின்று மன்றாடினர். சாரா அதற்கு முன் பட்ட துயரத்தை அறிந்தோர்க்கு அம்மன்றாட்டின் ஆழம் விளங்கும். வலியோ அச்சமோ வாரக்கணக்கில் நீடித்தால், உறவினரிடம் சொல்லிப் பரப்பாமல் இருவரும் சேர்ந்து மருத்துவரைக் காணுங்கள்.

வியாழனன்று காலைப் பேருந்தைப் பிடியுங்கள். அவசர உறையைத் திறக்க நேரவில்லையெனில், புறப்படுமுன் அதிலிருந்து 600 ரூபாய்க்குப் பூண்டும் பழங்களும் வாங்கி, சம எடையில் இரு பைகளாகக் கட்டி, ஒன்றைப் புகுந்த வீட்டிற்கும் மற்றொன்றைப் பிறந்த வீட்டிற்கும் கொடுங்கள். மிச்சம் 1,400 ரூபாயை நோட்டின் கடைசி வரியில் எழுதச் சொல்லி மனைவியிடமே ஒப்படையுங்கள்.