தகவல் திருட்டைச் சொல்ல வந்த மெசேஜிலும் தப்பான லிங்க்!

'உங்கள் தகவல் திருடப்பட்டிருக்கலாம்' என்று ஒரு நிறுவனத்திடமிருந்து மெசேஜ் வந்தால், 'இதுவே மோசடியாக இருக்குமோ' என்றுதான் முதலில் தோன்றும். அந்தச் சந்தேகத்துக்கு இடம் கொடுக்காமல் எழுதுவதில்தான் அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் சறுக்கியது.

மக்களின் கடன் விவரங்களைத் திரட்டி வைத்திருக்கும் நிறுவனம் அது. ஹேக்கர்கள் புகுந்ததை 2017 ஜூலை 29-ல் கண்டுபிடித்து, செப்டம்பர் 7-ல் அறிவித்தது. 14.3 கோடி பேரின் பெயர், பிறந்த தேதி, சோஷியல் செக்யூரிட்டி எண் போன்றவை ஆபத்தில் இருப்பதாகச் சொன்னது.

விவரம் பார்க்க, தன் வழக்கமான தளத்தை விட்டுவிட்டு equifaxsecurity2017.com என்று புதிதாக ஒன்றைத் திறந்தது. வார்த்தைகளை இடம் மாற்றி securityequifax2017.com என்ற முகவரியை வாங்கிய ஒரு மென்பொருள் வல்லுநர், அதே தோற்றத்தில் போலித் தளம் அமைத்தார். இது எவ்வளவு சுலபம் என்று காட்டுவதே அவர் நோக்கம். கடைசியில் ஈக்விஃபேக்ஸின் ட்விட்டர் பக்கமே வாடிக்கையாளர்களுக்குப் பலமுறை அந்தப் போலி முகவரியைக் கொடுத்தது!

நிஜத் தளமும் குழப்பியது. செய்தியாளர்கள் பொய்ப் பெயரைக் கொடுத்துப் பார்த்தபோதும், 'பாதிக்கப்பட்டிருக்கலாம்' என்றே பதில் வந்தது.

சரி, எப்படி எழுத வேண்டும்? ஆன்லைனில் புடவை விற்கும் ஒரு கடையை வைத்துப் பார்ப்போம்.

"எங்கள் ஆர்டர் பட்டியலை வெளியாள் ஒருவர் மார்ச் 3-ல் நகலெடுத்திருக்கிறார். இதை மார்ச் 5-ல் கண்டறிந்து, அவர் நுழைந்த வழியை அன்றே அடைத்தோம். பட்டியலில் உங்கள் பெயர், மொபைல் எண், வீட்டு முகவரி இருந்தன. கார்டு எண்களை நாங்கள் சேமிப்பதில்லை. வேறு ஏதும் எடுக்கப்பட்டதா என்று ஆராய்கிறோம். மார்ச் 12-ல் மீண்டும் தகவல் தருவோம். உங்கள் ஆர்டரைப் பற்றிப் பேசி யாராவது ஓ.டி.பி கேட்டால் கொடுக்காதீர்கள். சந்தேகம் இருந்தால், உங்கள் பில்லில் உள்ள எண்ணில் அழையுங்கள். நடந்ததற்கு மன்னியுங்கள்."

இதில் லிங்க் கிடையாது. வாடிக்கையாளர் கையில் ஏற்கெனவே இருக்கும் பில்தான் அத்தாட்சி. 'உங்கள் பணம் பத்திரம்' என்ற உறுதிமொழியும் இல்லை, ஓ.டி.பி-யை ஏமாந்து கொடுத்தால் பணம் போய்விடுமே! 'கார்டு எண்களைச் சேமிப்பதில்லை' என்பது கடைக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம். அதனால் அதைச் சொல்லலாம்.

'தகவல் தவறாகப் பயன்பட்டதற்கு ஆதாரம் இல்லை' என்பது இத்தகைய அறிவிப்புகளில் அடிக்கடி வரும் வரி. யார், எப்போது நுழைந்தார் என்ற கணினிப் பதிவுகள் அழிந்துபோயிருந்தாலும் ஆதாரம் இருக்காது. பதிவுகளை முழுதாகப் பார்த்த பிறகுதான் அதை எழுதலாம்.

'பாஸ்வேர்டை மாற்றுங்கள்' என்ற வழக்கமான அறிவுரையும் இதில் இல்லை. காரணம், கசிந்தது பாஸ்வேர்டு அல்ல, முகவரி. வாடிக்கையாளர் எச்சரிக்கையாக இருக்க வேண்டியது, அந்த முகவரியைச் சொல்லி வரப்போகும் போன் அழைப்பிடம்தான்.