எலி கடித்த தலை என்று முதலில் சொன்னது யார்?

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றிய சின்னக் கதை. வெள்ளிக்கிழமை பிரேயரில் அறிவிப்பு வருகிறது: திங்கட்கிழமை முடி வெட்டாமல் வருகிறவன் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அப்பா வெளியூரில் வேலையில் இருக்கிறார். பணம் வர இன்னும் நாளாகும். ஞாயிறு மதியம் அம்மா அவனை வாசலில் முக்காலி போட்டு உட்காரவைத்து, தையல் கத்தரிக்கோலை எடுக்கிறார். தலையை நனைத்து வெட்டியதால், காய்ந்ததும் முடி நினைத்ததைவிட மேலே ஏறிக்கொள்கிறது. வலது பக்கம் கூடுதலாகத் தெரிகிறதென்று அதைக் குறைக்கிறார். இப்போது இடது கூடிவிட்டது, அதையும் குறைக்கிறார். காதுக்கு மேலே படி விழுந்துவிட்டது. பின்மண்டையில் சுழி இருக்கும் இடத்தை ஒட்ட வெட்டியதில் அங்கே முடி படியாமல் நட்டுக்கொண்டு நிற்கிறது. வீட்டில் முடி வெட்டிப் பார்த்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்புகள்தான் இவை.

திங்கள் காலை வரிசையில் நிற்கிறான். அதிகம் பேசாத பையன். பி.டி. ஆசிரியர் அவன் பின்னால் வந்து நின்று, "என்னடா, ராத்திரி எலி கடிச்சிடுச்சா? எந்தக் கடையில வெட்டினே?" என்கிறார். வரிசை சிரிக்கிறது. அவன் பதில் சொல்லவில்லை. இரண்டாம் பீரியடில் அவன் பெயர் 'எலி'. செவ்வாய்க்கிழமை கரும்பலகையின் மூலையில் வாலோடு ஒரு படம். புதன்கிழமை மதியம் அவன் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. வியாழக்கிழமை காய்ச்சல் என்று வரவில்லை.

இந்தக் கதையை எழுத உட்காருகிறவருக்கு இரண்டு முடிவுகள் சுலபமாகக் கைக்கு வரும். ஒன்று, பையன் துணிந்து எழுந்து நறுக்கென்று ஒரு பதில் சொல்வான், வகுப்பு கைதட்டும். இன்னொன்று, மறுநாள் நண்பர்கள் எல்லோரும் அதே மாதிரி வெட்டிக்கொண்டு வருவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டுமே சிக்கலைப் பிள்ளைகள் தலையில் கட்டிவிட்டு, பெரியவர்களைச் சத்தமில்லாமல் வெளியே அனுப்பிவிடுகின்றன. கூச்சப்படும் பையன் கூச்சத்தை விட்டால்தான் அவனுக்கு நியாயம் கிடைக்கும் என்றால், அது நியாயம் அல்ல. கதையின் திருப்பம் திங்கள் காலை வரிசையில் இருக்கிறது. அங்கே சிரிக்க அனுமதி கொடுத்தவர் ஓர் ஆசிரியர்.

"எந்தக் கடையில வெட்டினே?" என்பது சாதாரணக் கேள்வியாகத் தோன்றலாம். அவனிடம் அது கேட்பது, "உன் வீட்டில் கடைக்குப் போகப் பணம் இருந்ததா?" என்பதைத்தான். சில ஊர்களில் அதற்கும் மேலே போகிறது. பட்டியல் சாதியினருக்கு முடி வெட்ட மறுத்த சலூன்கள் மீது நம் மாநிலத்திலேயே வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரிலிருந்து வரும் பிள்ளை வரிசையில் நின்று என்ன பதில் சொல்ல முடியும்? ஆசிரியருக்கு இது எதுவும் மனதில் இல்லாமல் இருந்திருக்கலாம். கெட்ட எண்ணம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். சட்டம் எண்ணத்தை மட்டும் பார்ப்பதில்லை.

2009-ம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்கிறது. மீறுகிறவர் மீது பணி விதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு என்கிறது. மனத் துன்புறுத்தல் என்றால் என்ன என்பதைத் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள் விளக்குகின்றன. கண்ணியத்தைக் குறைக்கும் கிண்டல், பட்டப்பெயர் வைத்தல், குடும்பப் பின்னணியைச் சொல்லிக் கேலி செய்தல் மூன்றும் அதில் உண்டு. இந்த வழிகாட்டுதல்களைத் தமிழகப் பள்ளிகளில் நடைமுறைப்படுத்தும்படி 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிரம்பு பெரும்பாலான வகுப்புகளிலிருந்து வெளியேறிவிட்டது என்று நாம் மகிழ்கிறோம். அந்த இடத்துக்கு நாக்கு வந்திருக்கிறது, அதை யாரும் எண்ணுவதில்லை.

அப்படியானால் சிரித்த பிள்ளைகள்? பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டினா சால்மிவாலி 1990-களில் வகுப்பறைக் கேலியை ஆராய்ந்தபோது, கேலி செய்பவன், கேலிக்கு ஆளாகிறவன் என்ற இருவரோடு நிற்கவில்லை. கூடச் சேர்ந்து கொள்கிறவன், சிரித்து ஊக்கம் கொடுக்கிறவன், ஒதுங்கி நிற்கிறவன், தடுக்கிறவன் என்று வகுப்பு முழுவதும் பாத்திரங்கள் இருப்பதைக் காட்டினார். கேலி செய்பவனுக்கு வேண்டியது சிரிப்பு. அது கிடைத்துக்கொண்டிருக்கும்வரை நிறுத்தமாட்டான். கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து நடத்திய ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. சக மாணவர் ஒருவர் குறுக்கே வந்த தருணங்களில் பாதிக்கும் மேல் பத்து விநாடிக்குள் கேலி நின்றுவிட்டது. ஆனால் அப்படிக் குறுக்கே வந்தவர்கள் மிகக் குறைவு. ஆசிரியரே முதலில் கேலி செய்த வகுப்பில் எந்தப் பிள்ளை குறுக்கே வரும்?

வகுப்பாசிரியர் செய்யக்கூடியது பெரிய காரியம் இல்லை. கரும்பலகையில் படத்தைப் பார்த்ததும் அழித்துவிட்டு, "இந்த வகுப்பில் இந்தப் பெயர் வேண்டாம்" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கலாம். வரைந்தது யார் என்று அரை மணி நேரம் விசாரித்தால், அந்த அரை மணியும் எல்லோரும் அவன் தலையைத்தான் பார்ப்பார்கள். அவனைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, மற்றவர்களை வரிசையாக மன்னிப்புக் கேட்கவைப்பது இன்னும் மோசம். அவனோடு தனியாகப் பேச வேண்டும். கேலி செய்தவர்களோடும் தனித்தனியாக, கும்பலாக இல்லாமல். பிறகு வகுப்பில் மற்றவர்கள் மதிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளிடம், மதியம் அவனோடு உட்காரச் சொல்லலாம். சால்மிவாலியின் ஆய்விலிருந்து பின்லாந்தில் உருவான கீவா திட்டம் பின்பற்றும் முறையும் இதுதான். இரண்டு வாரம் கழித்து மறுபடி கவனிக்க வேண்டும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், படி மறைந்துவிடும். பட்டப்பெயர் அப்படி மறைவதில்லை, பத்தாம் வகுப்பு வரை கூட வரும். வருகைப் பதிவேட்டில் திங்கட்கிழமைகள் விடுபடுவது, குழுவாகச் செய்யும் வேலையில் அவனை யாரும் சேர்க்காதது, இடைவேளையில் வகுப்பிலேயே இருந்துவிடுவது ஆகியவை அது இன்னும் இருப்பதன் அடையாளங்கள்.

முடி விதியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. எந்த நீளம் என்பதைப் பள்ளி சொல்லட்டும். ஆனால் வெள்ளிக்கிழமை சொல்லித் திங்கட்கிழமை கேட்பது, கையில் பணம் உள்ள வீடுகளை மட்டும் நினைத்துப் போட்ட விதி. இரண்டு வாரமாவது தர வேண்டும். நீளம் சரியாக இருந்தால் வெட்டு எப்படி இருக்கிறது என்பது பள்ளியின் கவலை அல்ல. பெற்றோர் சம்மதமில்லாமல் பள்ளியில் யாரும் பிள்ளையின் தலையில் கத்தரி வைக்கக் கூடாது. இந்த மூன்றையும் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கையாக அனுப்ப வேண்டும். பட்டப்பெயர் வைத்த ஆசிரியர் மீது வரும் புகாரை, அடித்ததாக வரும் புகாருக்கு இணையாகவே விசாரிக்க வேண்டும்.

வீட்டில் வெட்டிய அம்மாவுக்கும் ஒரு வார்த்தை: பிள்ளை திடீரென்று காய்ச்சல் என்று சொன்னால், வெட்டு சரியில்லையோ என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். பள்ளிக்கு நேரில் போய்க் கேளுங்கள். பதில் கிடைக்கவில்லை என்றால் கல்வித் துறையின் உதவி எண் 14417. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.