மெல்லப் பேசியவர் மூதாட்டியா, தள்ளி வைக்கப்பட்ட ஒலிவாங்கியா?

மொழியியல் கள ஆய்வுப் பதிவுகளில் கேள்வி கேட்பவரின் குரல் காதைப் பிளக்கும். மொழியை வழங்கும் மூதாட்டியின் குரலோ முணுமுணுப்பாய்க் கரையும். எழுத்துப்பெயர்ப்பில் ஆங்காங்கே 'தெளிவில்லை' என்னும் குறிப்பு விழும். அடிக்குறிப்பு ஒன்று, 'தகவலாளர் மிக மெல்லப் பேசுபவர்' என்று பழியை அவர்மீதே சுமத்தும்.

பழி பெரும்பாலும் தூரத்தினுடையது. ஆய்வாளரின் சட்டையில் செருகிய ஒலிவாங்கி அவர் வாயிலிருந்து 15 செ.மீ. தொலைவில் இருக்கிறது, மூதாட்டிக்கான ஒலிவாங்கி 60 செ.மீ. தள்ளி மேசைமேல் கிடக்கிறது. தூரம் இரட்டிக்கும்தோறும் நேரடி ஒலி ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும். தூரம் இங்கு இருமுறை இரட்டித்ததால் 12 டெசிபெல் இழப்பு. இருவரும் ஒரே அளவில் பேசினாலும் இவ்விழப்பு நேரும்.

இதற்கு வழக்கமாகச் செய்யப்படும் வைத்தியம் உச்ச அளவைச் சமன்செய்வது. அது வைத்தியமே அன்று. மூதாட்டியின் தடத்தில் மேசைமேல் தேநீர்க் குவளை வைக்கப்பட்ட ஓசை −1 டெசிபெல் வரை எகிறியிருந்தால், மென்பொருள் அந்த உச்சத்தைப் பார்த்து மொத்தத் தடத்தையும் 1 டெசிபெல் மட்டுமே உயர்த்தும். பேச்சு கிடந்த பள்ளத்திலேயே கிடக்கும். காது கேட்பது ஒரு கண உச்சத்தை அன்று. நேரத்தில் பரவிய உரப்பை. அதை அளக்கும் அலகு LUFS.

```
ffmpeg -i speaker.wav -af ebur128 -f null -
ffmpeg -i clean.wav -af volume=9dB copy.wav
```

அவரவர் பேசும் பகுதிகளை மட்டும் வெட்டி, முதற்கட்டளையால் அளக்க வேண்டும். இல்லையேல் மற்றவர் குரலின் கசிவும் கணக்கில் சேரும். ஆய்வாளர் −20, மூதாட்டி −32 எனில், இருவரையும் −23-க்குக் கொணர முன்னவரை 3 குறைத்துப் பின்னவரை 9 உயர்த்த வேண்டும். குவளை ஓசையை முன்னரே நகலில் அடக்கிவிட வேண்டும். அன்றேல் அது வரம்பை மீறிச் சிதையும்.

நிலையான உயர்த்தல் அசைகளுக்கிடையேயான செறிவு வேறுபாட்டைக் குலைக்காது; எல்லா அசைக்கும் அதே 9 கூடுகிறது. குலைப்பது பதிவுக்கருவியின் தானியங்கி அளவுக்கட்டுப்பாடு. அது மெல்லிய அசையைத் தூக்கி, அழுத்தமான அசையை அமுக்குகிறது. அவ்வாறு பதிந்ததை வைத்து அசையழுத்தம் பற்றி முடிவுரைப்பது, கருவியின் நடத்தையை மொழியின் இலக்கணமென எழுதுவதாகும்.

எனினும் உயர்த்தலுக்கும் எல்லை உண்டு: குரலோடு மின்விசிறி இரைச்சலும் 9 டெசிபெல் உயரும். ஆகவே உண்மையான சமன்செய்தல் பதிவுக்கு முன்பே நிகழ வேண்டும். அருகிலிருக்கும் ஒலிவாங்கி மூதாட்டிக்கு உரியது. இரு உள்ளீடுகளின் அளவையும் தனித்தனியே, அவரவர் உரத்துச் சிரிக்கும்போது உச்சம் −12-ஐ ஒட்டி நிற்கும்படி அமைக்க வேண்டும். மேசை ஒலிவாங்கி ஆய்வாளருக்குப் போதும். அவருடைய கேள்விகள் ஏற்கெனவே வினாநிரலில் எழுதப்பட்டிருக்கின்றன. மூதாட்டியின் விடைகளோ வேறெங்கும் இல்லை.