இரத்தம் எங்கே போகிறது?

நம் சங்க உறுப்பினரான ஓர் அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. மாதவிடாய் நின்று ஐந்து வருடமாகிறது. கொழுந்துக் கூடையோடு மலையேறினால் மூச்சு வாங்குகிறது என்று தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனார். ஹீமோகுளோபின் 8 கிராம் இருந்தது. பெண்களுக்கு அது 12க்குக் குறைந்தாலே இரத்தச்சோகைதான். இரும்புச்சத்துக் குளிசை கொடுத்தார்கள், தெம்பு வந்தது. குளிசை முடிந்து சில மாதங்களில் பழையபடி மூச்சு வாங்கியது. மறுபடியும் அதே குளிசை. இப்படியே ஒரு வருடம் போனது.

"ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் நினைத்தோம். லயத்தில் சாப்பாடு போதாது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். நம் உடம்பு ஒரு நாளைக்கு உணவிலிருந்து எடுத்துக்கொள்ளும் இரும்பு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் மட்டுமே. ஒரு தேக்கரண்டி இரத்தத்தில் அதைவிடக் கூடுதலான இரும்பு இருக்கிறது. குடலுக்குள் தினமும் ஒரு தேக்கரண்டி கசிந்தால், என்ன சாப்பிட்டாலும் ஈடுசெய்ய முடியாது. அந்தக் கசிவு மலத்தோடு கலந்துவிடுவதால் கண்ணுக்கும் தெரியாது.

பெரியாஸ்பத்திரி வைத்தியர் முதலில் பெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை செய்தார். உடம்பின் இரும்புச் சேமிப்பு வற்றியிருப்பதை அது காட்டியது. மலத்தில் கொக்கிப்புழு முட்டை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. முழங்கால் வலிக்கு என்ன குளிசை போடுகிறீர்கள் என்று கேட்டார். சில வலிக் குளிசைகள் இரைப்பையில் புண்ணாக்கி இரத்தம் கசிய வைக்கும். பிறகு வாய்வழியாகக் குழாய்க் கமரா விட்டு இரைப்பையைப் பார்த்தார். அங்கே புண் இல்லை. இரும்பை உறிஞ்சும் சிறுகுடல் பழுதாகியிருக்கிறதா என்று அறிய அதே குழாயால் சிறு துண்டு சதை எடுத்தார். அதிலும் குறையில்லை.

கடைசியாக ஆசனவாய் வழியாகப் பெருங்குடலைப் பார்த்தார்கள். குடலைக் கழுவ முந்தின நாள் மருந்து குடிக்க வேண்டும். இரும்புக் குளிசையை ஒரு வாரத்துக்கு முன்பே நிறுத்தச் சொன்னார்கள், அது மலத்தைக் கறுப்பாக்கிப் பார்வையை மறைக்கும். பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி இருந்தது. வலியே தராமல் கசிந்துகொண்டிருந்த புற்றுநோய் அது. பரவுமுன் வெட்டி எடுத்துவிட்டார்கள். இப்போது அக்கா நலமாக இருக்கிறார்.

எல்லா இரத்தச்சோகையும் புற்றுநோய் இல்லை. மாதவிடாய் உள்ள பெண்களுக்குப் பெரும்பாலும் அதுவும் பிரசவங்களுமே காரணம். ஆனால் ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால், குளிசை மட்டும் பதிலாகாது. குளிசையை ஒழுங்காகப் போட்டும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் ஒரு கிராமாவது ஏறாவிட்டால், அல்லது ஏறி மறுபடி இறங்கினால், "இரத்தம் எங்கே போகிறது?" என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

இந்தப் பரிசோதனைகளுக்காக அக்கா நான்கு நாள் பேர் இழந்தார். சம்பளம் போகுமே என்று பயந்துதான் ஒரு வருடம் தள்ளிப்போட்டிருந்தார். பரிசோதனை நாளுக்குச் சம்பளத்துடன் லீவு வேண்டும் என்பதை அடுத்த பேச்சுவார்த்தையில் நாம் வைக்கிறோம்.