எந்தத் தொகைக்கு எந்தக் கவுண்டர்?

நாணய மாற்று குறித்த வினாக்கள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன: இரு கவுண்டர்களின் விலையும் கமிஷனும் தரப்பட்டு, மாற்றவேண்டிய தொகையும் தரப்பட்டு, எங்கே மாற்றினால் ஆதாயம் என்று கேட்கப்படுகிறது. தொகையைக் கொடுத்துவிட்ட பிறகு பெருக்கலும் கழித்தலும் தவிர மாணவருக்கு வேறு வேலை இருப்பதில்லை. அந்தத் தொகையை எடுத்துவிட்டால் அதே வினா, ஒன்பதாம் வகுப்பில் கற்பிக்கப்படும் இருமாறி நேரிய சமன்பாட்டுக்கு உரிய களமாகிவிடுகிறது.

சிங்கப்பூரில் வேலைசெய்து கடலூர் திரும்பிய ஒருவர் கையில் சிங்கப்பூர் டாலர் வைத்திருக்கிறார் என்று கொள்ளலாம். கடலூர்க் கவுண்டர் ஒரு டாலருக்கு 64 ரூபாய் தந்து கமிஷன் எதுவும் பிடிப்பதில்லை. சிதம்பரத்துக் கவுண்டர் 64.60 ரூபாய் தந்தாலும், தொகை எவ்வளவானாலும் 150 ரூபாய் சேவைக் கட்டணம் பிடிக்கிறது (இவை வினாவுக்காக வைத்துக்கொண்ட விலைகள்). இங்குப் பயன்படுவது ‘வாங்கும் விலை’, அதாவது கவுண்டர் வெளிநாட்டுப் பணத்தை வாடிக்கையாளரிடமிருந்து வாங்கும் விலை. பலகையில் அருகிலேயே எழுதப்பட்டிருக்கும் ‘விற்கும் விலை’ இதைவிட உயர்ந்தது. டாலரை விற்பவர் வாடிக்கையாளர் என்பதால் மாணவர் அந்த உயர்ந்த எண்ணை எடுத்துக்கொண்டு தவறுவதுண்டு; ஆகவே இரு விலைகளையும் வினாவில் கொடுத்து, உரியதைத் தேர்ந்தெடுக்கச் செய்வது நல்லது.

x டாலருக்குக் கையில் கிடைக்கும் ரூபாய் y எனில், கடலூருக்கு y = 64x என்றும் சிதம்பரத்துக்கு y = 64.6x − 150 என்றும் அமையும். விலை கோட்டின் சாய்வாகவும், கட்டணம் y வெட்டுத்துண்டாகவும் மாறுவதை மாணவர் இங்கே காண்கிறார். இரண்டும் சமமாகும்போது 0.6x = 150, அதாவது x = 250. நூறு டாலருக்குக் கடலூரில் 6,400 ரூபாயும் சிதம்பரத்தில் 6,310 ரூபாயும் கிடைக்கின்றன. ஐந்நூறு டாலருக்கோ 32,000, 32,150 என்று நிலை தலைகீழாகிறது. ‘சிதம்பரமே மேல், அங்குதான் விலை அதிகம்’ என்னும் விடையும், ‘கடலூரே மேல், அங்குக் கட்டணம் இல்லை’ என்னும் விடையும் பாதியளவே சரி என்பதால், எந்த இடைவெளியில் எது ஆதாயம் என்று எழுதியவருக்கே முழு மதிப்பெண் தரப்படவேண்டும்.

கட்டணத்தின் வகையை மாற்றினால் வினாவின் உருவமே மாறிவிடும் என்பதுதான் வினா அமைப்போர் அதிகம் கவனிக்காத இடம். சிதம்பரத்தில் 150 ரூபாய்க்குப் பதிலாக 1 சதவீதக் கமிஷன் என்று வைத்தால், டாலருக்குக் கிடைப்பது 64.60 × 0.99 = 63.954 ரூபாய். இரு கோடுகளும் ஆதிப்புள்ளி வழியாகச் செல்வதால் அவை வேறெங்கும் சந்திப்பதில்லை. எந்தத் தொகைக்கும் கடலூரே ஆதாயம். சதவீதக் கமிஷன் சாய்வை மட்டுமே குறைக்கிறது, நிலையான கட்டணமோ கோட்டையே கீழே இறக்குகிறது. சதவீதக் கமிஷன் வகையில் சந்திப்புப் புள்ளியைக் கேட்கும் வினா, விடையாகச் சுழியம் டாலரைத் தந்து மாணவரைக் குழப்பும்.

கடலூர்வாசி சிதம்பரம் சென்றுவரும் பேருந்துச் செலவை 90 ரூபாய் என்று சேர்த்தால், அதுவும் ஒரு நிலையான கட்டணமே: 0.6x = 240 என்றாகி, சந்திப்பு 400 டாலருக்கு நகர்கிறது. சிதம்பரத்திலேயே குடியிருப்பவருக்குச் செலவு மறுபக்கம் சேர்வதால் 0.6x = 60 என்றாகி, 100 டாலரிலேயே சந்திப்பு நேர்ந்துவிடும். கவுண்டர்கள் மாறாதபோதும் விடை ஆளுக்கு ஆள் மாறுவது, சமன்பாட்டை அமைப்பதற்கு முன் யாருடைய கணக்கு என்று கேட்கும் பழக்கத்தை வகுப்பில் உண்டாக்கும்.

சரக்கு மற்றும் சேவை வரியைச் சேர்ப்பது பத்தாம் வகுப்புக்கு ஏற்றது. 2017ஆம் ஆண்டின் மத்திய வரி விதிகளில் விதி 32(2) தரும் ஒரு வழியின்படி, ஒரு லட்சம் ரூபாய் வரையிலான மாற்றத்தில் 1 சதவீதம் சேவையின் மதிப்பாகக் கொள்ளப்படும், அது 250 ரூபாய்க்குக் குறையக்கூடாது. அந்த மதிப்பின்மீது 18 சதவீதம் வரி. ஆகவே 25,000 ரூபாய் வரை எந்த மாற்றத்துக்கும் வரி 45 ரூபாய்தான். சேவைக் கட்டணம் அதற்குரிய வரியையும் உள்ளடக்கியது என்று கொண்டால், 250 டாலர் சந்திப்பில் இந்த 45 ரூபாய் இரு பக்கமும் கழிந்து மறைந்துவிடுகிறது. கொடுத்த எண் அனைத்தையும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்று பழகிய மாணவருக்கு இது தேவையான பயிற்சி. பேருந்துச் செலவு சேர்ந்த 400 டாலர் சந்திப்போ 25,000 ரூபாயைத் தாண்டியது. அங்கு வரி தொகையின் 0.18 சதவீதம் என்பதால் 46.08 ரூபாய், 46.51 ரூபாய் என்று பிரிந்து, அந்த 43 காசு வேறுபாட்டால் கடலூரே சற்று மேலாகிறது. முழு டாலராகப் பார்த்தால் சிதம்பரம் முந்துவது 401 டாலரில்.