85 சதவிகிதம் முழுமையாகக் கைக்கு வருமா?

மும்பை கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள மாட்டுங்காவிலும் அருகிலுள்ள தாராவியிலும் வாழும் தமிழ் உழைப்பாளிக் குடும்பங்களுக்கு அவசரத் தேவை வந்தால், கழுத்திலும் காதிலும் இருப்பதுதான் கைகொடுக்கிறது. சம்பளச் சீட்டும் சொத்துப் பத்திரமும் இல்லாதவர்களுக்கு வேறு கடன் எளிதில் கிடைப்பதில்லை. எனவே நகைக்கடன் விதிகளில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றமும் அவர்களது வாழ்வை நேரடியாகத் தொடுகிறது.

ரிசர்வ் வங்கி 2025 ஜூன் 6 அன்று புதிய நெறிமுறைகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் கடன் வழங்குவோர் அனைவரும் இவற்றுக்கு மாற வேண்டும் என்பது உத்தரவு. குடும்பச் செலவுக்கான கடன் இரண்டரை லட்சம் ரூபாய் வரை இருந்தால் நகை மதிப்பில் 85 சதவிகிதமும், 5 லட்சம் வரை 80 சதவிகிதமும், அதற்கு மேல் 75 சதவிகிதமும் உச்சவரம்பு. சிறு கடனாளிகளுக்கு இது பெரும் சலுகை என்று பேசப்பட்டது. ஆனால் இந்த 85 சதவிகிதம் எதன்மீது கணக்கிடப்படுகிறது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

வீட்டு வேலை செய்யும் ஒரு பெண் 22 கிராம் எடையுள்ள நகைகளைக் கொண்டு செல்கிறார் என்று கொள்வோம். கல், மெழுகு, நூல் ஆகியவற்றுக்கு 2 கிராம் கழிக்கப்படுகிறது. கல்லுக்கு மதிப்பு இல்லை, செய்கூலிக்கும் இல்லை. மீதி 20 கிராம் தங்கத்துக்கு மட்டுமே மதிப்பு. அன்றைய விலையும் அப்படியே எடுக்கப்படாது. முந்தைய 30 நாட்களின் சராசரி, முந்தைய நாளின் இறுதி விலை ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே அடிப்படை. கணக்கின் எளிமைக்காகக் கிராமுக்கு 10,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மதிப்பு 2 லட்சம். அதில் 85 சதவிகிதம் 1,70,000 ரூபாய்.

ஆண்டு வட்டி 18 சதவிகிதம் என்று கொள்வோம். மாதந்தோறும் வட்டி கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால் 1,70,000 முழுவதும் கைக்கு வரலாம். ஆனால் மாதம் 2,550 ரூபாய் தவறாமல் கட்ட வேண்டும். ஓராண்டு முடிவில் அசலையும் வட்டியையும் சேர்த்துக் கட்டும் முறையைத் தேர்ந்தெடுத்தால், இறுதியில் கட்டவேண்டிய மொத்தத் தொகையே 1,70,000-ஐத் தாண்டக் கூடாது. எனவே கைக்கு வருவது சுமார் 1,44,000 மட்டுமே. இந்த முறையில் 12 மாதங்களுக்கு மேல் தவணையும் கிடையாது.

மாத வருமானம் நிலையற்றவர்கள்தான் இந்த இரண்டாவது முறையை நாடுகிறார்கள். அவர்களுக்குத்தான் சலுகை சுருங்குகிறது. அதே நகைக்கு 9 சதவிகித வட்டியில் கடன் கிடைத்தால் கைக்கு வரும் தொகை ஏறக்குறைய 1,56,000 ஆக உயரும். ஆக, கடனாளியின் தொகையைத் தீர்மானிப்பது உச்சவரம்பு மட்டுமன்று; வட்டி விகிதமும்தான்.

ஆண்டு முடிவில் பணம் இல்லையென்றால் என்ன? சேர்ந்த வட்டியைக் கட்டிய பிறகே கடனைப் புதுப்பிக்க முடியும். அந்த வட்டிக்காகக் கந்துவட்டிக்காரரிடம் கை நீட்டும் நிலை இங்கேதான் உருவாகிறது. புதுப்பிக்கவும் இயலாதபோது ஏலம் வருகிறது. ஆனால் அதற்கு முன் கடனாளிக்கு அறிவிப்பு அனுப்பி, கடனைத் தீர்க்க அவகாசம் தர வேண்டும். ஏலத்தின் தொடக்க விலை நகையின் அன்றைய மதிப்பில் 90 சதவிகிதத்துக்குக் குறையக் கூடாது. இருமுறை ஏலம் போகாவிட்டால் மட்டுமே 85 சதவிகிதமாக்கலாம்.

தங்கத்தின் விலை கிராமுக்கு 12,000 ஆக உயர்ந்திருந்தால், மேற்கண்ட நகையின் மதிப்பு 2,40,000. தொடக்க விலை 2,16,000. செலவு உட்படக் கடன் பாக்கி 1,75,000 என்றால், மிஞ்சும் 41,000 ரூபாய் அந்தப் பெண்ணுக்கே உரியது. ஏலத்தொகை முழுவதும் வந்த 7 வேலை நாட்களுக்குள் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். மாறாக விலை 9,000 ஆகச் சரிந்தால் தொடக்க விலை 1,62,000 மட்டுமே. குறையும் தொகை கடனாளியின் தலையில் விழும். நகையும் போய், கடனும் நிற்கும்.

இந்த உரிமைகள் தாளில் இருந்தால் போதாது. மொத்த எடை, நிகர எடை, கழிவு, தரம், மதிப்பு ஆகியவற்றைக் காட்டும் சான்றிதழ் கடனாளிக்குக் கிடைக்க வேண்டும். மதிப்பீடு அவர் கண்முன் நடக்க வேண்டும். நிபந்தனைகள் வட்டார மொழியில் அல்லது கடனாளி தேர்ந்தெடுக்கும் மொழியில் இருக்க வேண்டும் என்கிறது நெறிமுறை. மராத்தியோ ஆங்கிலமோ படிக்க இயலாத மும்பைத் தமிழர் தமிழில் கேட்க இதுவே ஆதாரம். அந்தத் தாளைக் கேட்டுப் பெறவும், ஏலக் கணக்கைச் சரிபார்க்கவும் தோழர்கள் உடன் நிற்க வேண்டும்.

அதே வேளையில், சிறு நகைக்கடனைக் குறைந்த வட்டியில் பொதுத்துறை வங்கிகள் தாராளமாக வழங்க வேண்டும் என்ற கோரிக்கையையும் உரத்து எழுப்ப வேண்டும். வட்டியைக் குறைக்காமல் உச்சவரம்பை மட்டும் உயர்த்துவது, உழைப்பாளியின் நகையை ஏலக் கூடத்துக்கு இன்னும் ஓரடி நெருக்கமாகக் கொண்டு செல்வதாகவே முடியும்.